ஜெர்மன் செய்தி நடையில் பிறர்கூற்று வினைவடிவமும் தமிழ்க் கூற்று முறைகளும்: திருச்சிராப்பள்ளி, திருவரங்கச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஒருவர் கூறியதை மற்றொருவர் எடுத்துரைக்கும்போது அக்கூற்று யாருடையது என்பதை மொழி எவ்விடத்தில் குறிக்கிறது என்பது இலக்கண வினா மட்டுமன்று. ஆவணங்களைச் சான்றாகக் கொள்வோர்க்கு அது பொருள்கோள் வினாவும் ஆகும். ஜெர்மன் மொழியின் எழுத்து நடை, குறிப்பாகச் செய்தி நடை, இதனை வினைமுற்றிலேயே குறிக்கிறது. தமிழ்ச் செய்தி நடை கூற்றின் முன்னும் பின்னும் எல்லை இட்டுக் குறிக்கிறது. இவ்வேறுபாட்டைத் திருவரங்கம் சார்ந்த ஒரு மாதிரிச் செய்தியின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது. அதன்பின், திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய ஜெர்மன் சமயத்தொண்டர் ஷ்வார்ட்ஸ் காலத்து ஹாலே அறிக்கைகளைத் தமிழில் பெயர்ப்போரும் சான்றாக ஆள்வோரும் எங்கே பிழைபடக்கூடும் என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பிறர்கூற்று, கொன்யுங்க்டிவ், செய்தி நடை, ‘ஆம்’ இடைச்சொல், ஹாலே அறிக்கைகள், மொழிபெயர்ப்பு.

1. முன்னுரை

பிறர் கூற்றை எடுத்துரைக்கும் முறைகளைத் தமிழ் இலக்கண மரபு நன்கறியும். தொல்காப்பியர் தம் நூற்பாக்கள் பலவற்றை ‘என்ப’ என முடிப்பது, கருத்து முன்னோருடையது என்பதைக் காட்டும் முறையாகும். ‘என’, ‘என்று’ ஆகியவை சங்க இலக்கியம் முதல் இன்றைய நாளிதழ் வரை கூற்றின் முடிவைக் காட்டி நிற்கின்றன. இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கூற்றினுள் இருக்கும் வினைமுற்று மாறுவதில்லை. கூற்றுக்கு வெளியே வரும் ஒரு சொல்லே அது பிறர் கூற்று என அறிவிக்கிறது. ‘மழை பெய்தது என்றார்’ என்னும் தொடரில் ‘பெய்தது’ என்பது எடுத்துரைப்பவர் தாமே கூறினாலும் அவ்வடிவிலேதான் இருக்கும்.

ஜெர்மன் எழுத்து நடையின் வழி வேறு. அங்கே கூற்றினுள் உள்ள வினைமுற்றே தனி வடிவம் கொள்கிறது. ‘என்றார்’ என்பதற்கு நிகரான சொல் இல்லாதபோதும் வினையின் வடிவம் ஒன்றே ‘இது பிறர் கூற்று’ எனக் காட்டிவிடும். இவ்வடிவத்தை ஜெர்மன் இலக்கணத்தார் ‘கொன்யுங்க்டிவ் 1’ என்பர். இக்கட்டுரையில் இது ‘கூற்றுவடிவம்’ எனப்படும். எடுத்துரைப்பவர் தம் பொறுப்பில் கூறும் இயல்பான வினைமுற்று ‘நேர்வடிவம்’ எனப்படும். ஜெர்மன் சொற்கள் ஒலிப்பை ஒட்டித் தமிழெழுத்தில் தரப்படுகின்றன.

2. கூற்றுவடிவம் அமையும் முறை

கூற்றுவடிவத்தின் ஆக்கம் எளியது. வினையடியோடு எகர ஈறு சேரும். ‘வருகிறார்’ என்னும் பொருளில் படர்க்கை ஒருமை நேர்வடிவம் ‘ஏர் கொம்ட்’. கூற்றுவடிவம் ‘ஏர் கொம்மெ’. ‘உடையவர்’ என்பதற்கு நேர்வடிவம் ‘ஏர் ஹட்’. கூற்றுவடிவம் ‘ஏர் ஹாபெ’. ‘இருக்கிறார்’ என்பதற்கு நேர்வடிவம் ‘ஏர் இஸ்ட்’. கூற்றுவடிவம் ‘ஏர் ஸை’. ஆகவே, படர்க்கை ஒருமையில் டகர ஒற்றில் முடிய வேண்டிய வினை எகரத்தில் முடிந்திருந்தால் அது பெரும்பாலும் பிறர் கூற்றாகும். செய்திகளில் மிகுதியாகக் காணப்படுவது ‘ஸை’ என்னும் வடிவமே.

இதே வடிவம் வாழ்த்துப் பொருளிலும் வரும். ‘வாழ்க’ என்பதற்கு ஜெர்மனில் ‘லேபெ’ என்பர். ‘வாழ்கிறார்’ என்பதற்கு ‘லேப்ட்’ என்பர். தமிழ் இலக்கணத்தின் வியங்கோளை ஒத்த இவ்வாட்சி இன்று சில உறைந்த தொடர்களில் மட்டுமே நிலைக்கிறது. நிகழ்வை நிகழ்ந்ததாக உறுதி கூறாமல் விடும் தன்மை இரண்டு ஆட்சிகளுக்கும் பொதுவானது. வாழ்த்துபவர் ‘வாழ்கிறார்’ என உறுதி கூறுவதில்லை. எடுத்துரைப்பவரும் கூற்றின் உண்மைக்குத் தாம் பொறுப்பேற்பதில்லை.

இம்முறைக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பன்மையில் பெரும்பாலான வினைகளுக்குக் கூற்றுவடிவமும் நேர்வடிவமும் ஒன்றாகிவிடுகின்றன. ‘அவர்கள் உடையர்’ என்பதற்கு இரண்டிலும் ‘ஸீ ஹாபென்’ என்பதே வடிவம். அடையாளம் மறைந்துபோகும் இத்தகைய இடங்களில் ‘கொன்யுங்க்டிவ் 2’ எனப்படும் மற்றொரு வடிவம் பதிலியாக வரும். ‘ஹாபென்’ என்பதன் இடத்தில் ‘ஹெட்டென்’ நிற்கும். ‘இரு’ என்னும் பொருளுடைய வினைக்கு இந்த இடர் இல்லை. அதன் பன்மை நேர்வடிவம் ‘ஸிண்ட்’, கூற்றுவடிவம் ‘ஸையென்’ என வேறுபட்டே நிற்கின்றன.

காலத்தைப் பொறுத்தவரை ஜெர்மன் முறை ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நெருக்கமானது. ஆங்கிலத்தில் ‘கூறினார்’ என இறந்தகாலம் வந்தால் கூற்றினுள் உள்ள வினையும் பொதுவாக இறந்தகாலத்திற்குத் தள்ளப்படும். தமிழில் ‘நோயுற்றிருக்கிறேன் என்றார்’ எனக் கூற்றின் காலம் அப்படியே நிற்கும். ஜெர்மனிலும் அவ்வாறே, மூலக்கூற்று நிகழ்ந்த நேரத்தை ஒட்டியே காலம் அமைகிறது. மூலத்தில் நிகழ்காலம் எனில் ‘ஸை’. முடிந்த செயல் எனில் ‘ஹாபெ’ அல்லது ‘ஸை’ என்பதோடு முற்றெச்ச வடிவம். எதிர்காலம் எனில் ‘வேர்டெ’ என்பதோடு வினையின் பெயர்வடிவம். ஆங்கிலம் வழியாக ஜெர்மன் கற்கும் தமிழ் மாணவர்கள் இங்கே ‘ஸை’ என எழுத வேண்டிய இடத்தில் ‘வார்’ (இருந்தார்) என எழுதிவிடுவது எளிதில் நேரும் பிழை. தமிழின் ‘என்று’ அமைப்பை நேரடியாக ஒப்பிட்டுக் கற்பித்தால் இப்பிழைக்கு இடமிராது.

3. ஒரு மாதிரிச் செய்தி

விளக்கத்திற்காக ஒரு மாதிரிக் கூற்றை எடுத்துக்கொள்ளலாம். வைகுண்ட ஏகாதசிக்கு முன்னாள் திருவரங்கம் கோயில் அலுவலர் ஒருவர் செய்தியாளரிடம் பின்வருமாறு கூறுவதாகக் கொள்வோம்:

“பரமபதவாசல் நாளை அதிகாலை திறக்கப்படும். ஏற்பாடுகள் எல்லாம் முடிந்துவிட்டன. பக்தர்கள் ஒழுங்காக வரிசையில் வருகிறார்கள். யாரும் பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுவர வேண்டாம். நான் மூன்று இரவுகளாகத் தூங்கவில்லை.”

ஜெர்மன் செய்தியாளர் இதனைத் தம் நடையில் எழுதும்போது முதல் வாக்கியத்தில் மட்டும் ‘கோயில் அலுவலர் ஒருவர் கூறினார்’ என அறிவித்தால் போதும். எஞ்சிய நான்கும் தனித்தனி வாக்கியங்களாக, எவ்வித அறிவிப்பும் இன்றி நிற்கலாம். ஒவ்வொன்றிலும் வினை எவ்வாறு மாறுகிறது என்பது நோக்கத்தக்கது.

முதல் வாக்கியத்தின் நேர்வடிவம் ‘விர்ட்’ என்பதைக் கொண்டது. கூற்றில் அது ‘வேர்டெ’ ஆகிறது. ‘நாளை’ என்னும் சொல்லையும் செய்தியாளர் மாற்றுவார். அச்செய்தி மறுநாள் இதழில் வெளிவரும் எனில் படிப்பவரின் ‘நாளை’ வேறாகிவிடும். ஆதலின் கிழமைப் பெயரையோ நாளையோ இடுவர். இரண்டாம் வாக்கியத்தில் ‘ஸிண்ட்’ என்பது ‘ஸையென்’ ஆகிறது. மூன்றாம் வாக்கியத்தில்தான் முன்னர்க் கூறிய இடர் எழுகிறது. ‘வருகிறார்கள்’ என்பதற்கு நேர்வடிவமும் கூற்றுவடிவமும் ‘கொம்மென்’ என்றே அமையும். அப்படியே விட்டால் பக்தர்கள் ஒழுங்காக வருவதைச் செய்தியாளர் தாமே கண்டு எழுதியதாகப் பொருள்படும். ஆகவே ‘கேமென்’ என்னும் பதிலி வடிவத்தை இடுவர்.

நான்காம் வாக்கியம் ஏவல். ஏவலுக்குக் கூற்றுவடிவம் இல்லாமையால் ‘வேண்டும்’ என்னும் பொருள்தரும் துணைவினை அதனை ஏற்கும். ஒருமையில் அது ‘ஸொல்லெ’ என வரும். இங்கே எழுவாய் பன்மையாதலின் மீண்டும் பதிலி தேவைப்பட்டு ‘ஸொல்டென்’ என நிற்கும். ஐந்தாம் வாக்கியத்தில் ‘நான்’ என்பது ‘அவர்’ ஆகிறது. வினை ‘ஹாபெ’ எனத் தொடங்கி, ‘தூங்கிய’ என்னும் பொருள்தரும் எச்ச வடிவோடு முடிகிறது.

இவ்வாறு எழுதப்பட்ட பத்தியின் நடுவே செய்தியாளர் தம் சொந்த வாக்கியம் ஒன்றைச் சேர்க்க விரும்பினால் அதற்கெனத் தனி அறிவிப்பு வேண்டியதில்லை. ‘வடக்குச் சித்திரை வீதியில் தடுப்புகள் இன்னும் கட்டப்படவில்லை’ என்பதை நேர்வடிவத்தில் எழுதிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் மீண்டும் கூற்றுவடிவத்திற்குத் திரும்பலாம். ஏற்பாடுகள் முடிந்தன என்பது அலுவலர் கூற்று, தடுப்புகள் கட்டப்படவில்லை என்பது செய்தியாளர் கண்டது என்னும் வேறுபாடு படிப்பவர்க்கு வினையிலிருந்தே விளங்கிவிடும்.

இங்கே ஒரு தவறான கருத்தை விலக்க வேண்டும். கூற்றுவடிவம் ஐயத்தைக் குறிப்பதன்று. அலுவலர் கூறியதை நம்பும் செய்தியாளரும் அதே வடிவத்தையே ஆள்வார். உண்மை, பொய் ஆகிய இரண்டிற்கும் பொதுவாக நின்று, ‘இதற்குப் பொறுப்பு கூறியவருடையது’ என்பதை மட்டும் அது உணர்த்தும். இந்த நடுநிலையே செய்தி நடை அதனை விரும்பி ஏற்றதற்குக் காரணம். மாறாக, ‘அலுவலரின் தகவலின்படி’ என்னும் பொருளுடைய ‘லௌட்’ போன்ற சொல் வாக்கியத்தில் வந்துவிட்டால் வினை நேர்வடிவிலேயே நிற்கும். பொறுப்பு ஏற்கெனவே குறிக்கப்பட்டுவிட்டதால் வினை அதனை மீண்டும் குறிக்க வேண்டியதில்லை.

4. தமிழ்ச் செய்தி நடையின் எல்லைக்குறிகள்

மேற்காட்டிய கூற்றைத் தமிழ் நாளிதழ் எவ்வாறு எழுதும்? மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘என்று கூறினார்’, ‘என்று தெரிவித்தார்’ என முடிப்பது. ஐந்து வாக்கியங்களுக்கும் இவ்வாறு செய்தால் நடை தளர்ந்துவிடும். இரண்டாவது, ‘ஏற்பாடுகள் முடிந்துவிட்டதாகவும், பக்தர்கள் வரிசையில் வருவதாகவும், தாம் மூன்று இரவுகளாகத் தூங்கவில்லை எனவும் அவர் தெரிவித்தார்’ எனத் தொடர்களை அடுக்கிச் செல்வது. இங்கே ‘நான்’ என்பது ‘தாம்’ ஆவதும், காலம் மாறாது நிற்பதும் ஜெர்மன் அமைப்போடு ஒத்துள்ளன. ஆயினும் இவை யாவும் ஒரே வாக்கியத்தின் உறுப்புகள்; ‘தெரிவித்தார்’ என்னும் முற்று இன்றி இவற்றுள் எதுவும் தனித்து நில்லாது.

மூன்றாவதே தமிழ் இதழியல் தனக்கென உருவாக்கிக்கொண்ட வழி. ‘அவர் கூறியதாவது:’ எனத் தொடங்கி, கூற்றின் வாக்கியங்களை நேர்வடிவிலேயே பத்திகளாக எழுதி, ‘இவ்வாறு அவர் கூறினார்’ என முடிக்கும் முறை அது. ஆங்கிலச் செய்தி நடைக்குப் பழகியவர்களுக்கு இம்முடிவுத் தொடர் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அதன் பணி இன்றியமையாதது. இடையில் உள்ள வினைகள் எவையும் பிறர் கூற்று என்னும் அடையாளத்தை ஏற்காமையால், கூற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எல்லைக்குறி இட்டுத்தான் காட்ட இயலும். ஜெர்மன் நடை ஒவ்வொரு வினையிலும் இடும் முத்திரையைத் தமிழ் நடை கூற்றுப்பகுதியின் இரு முனைகளில் இடுகிறது.

இவ்விரு முறைகளின் வலிமையும் குறையும் ஒரு பகுதியை எடுத்துப் பிறிதோரிடத்தில் ஆளும்போது புலப்படும். ஜெர்மன் செய்தியின் நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்தாலும் அது பிறர் கூற்று என்னும் அடையாளம் அதனுடனேயே வரும். யாருடைய கூற்று என்பது மட்டுமே விடுபடும். தமிழ்ச் செய்தியின் நடுவிலிருந்து ‘ஏற்பாடுகள் எல்லாம் முடிந்துவிட்டன’ என்பதை மட்டும் எடுத்தால் அது இதழின் சொந்தச் செய்தியாகிவிடும். நாளிதழ்களைச் சான்றாகக் கொண்டு குறிப்பெடுக்கும் ஆய்வாளர் எல்லைக்குறிகளையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளாவிடில், அலுவலர் கூற்று ‘இதழ் பதிவு செய்த உண்மை’ என்னும் நிலையை அடைந்துவிடும்.

5. ‘ஆம்’ இடைச்சொல்லின் இடம்

வினைமுற்றோடு ஒட்டிநின்று பிறர் கூற்றைக் குறிக்கும் உறுப்பு தமிழில் இல்லாமல் இல்லை. ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம், நாளைக்கு வருவாராம்’ என ஒரு சிறுமி பள்ளியில் வந்து சொல்லும்போது, ‘ஆம்’ என்னும் இடைச்சொல் ஜெர்மன் கூற்றுவடிவம் செய்யும் பணியையே செய்கிறது. ‘என்று சொன்னார்’ என்பது வேண்டப்படுவதில்லை. ஒவ்வொரு வினையிலும் அடையாளம் ஏறுகிறது. சிறுமி தந்தையை ஐயுறுவதும் இல்லை. அமைப்பு நோக்கில் கூற்றுவடிவத்திற்கு மிக நெருங்கிய தமிழ் உறுப்பு இதுவே.

ஆயினும் மொழிபெயர்ப்பில் இதனை அப்படியே ஆள இயலாது. எழுத்து நடையில், அதிலும் செய்தியில், ‘ஆம்’ தன் நடுநிலையை இழந்துவிடுகிறது. ‘ஏற்பாடுகள் எல்லாம் முடிந்துவிட்டனவாம்’ என ஓர் இதழ் எழுதினால், அதனை நம்பவில்லை என்றோ எள்ளி நகையாடுகிறது என்றோ படிப்பவர் கொள்வர். துணுக்குச் செய்திகளிலும் திரையுலகச் செய்திகளிலும் இவ்வாட்சி மிகுவதற்குக் காரணம், அங்கே கூறியவர் இன்னார் எனக் குறிக்கப்படாமையே. அத்தகைய வாக்கியங்களுக்கு ஜெர்மனில் நேரான அமைப்பு கூற்றுவடிவம் அன்று. ‘ஸொல்’ என்னும் துணைவினையே. ‘அவர் ஊரைவிட்டுப் போய்விட்டாராம்’ என்பதை ஜெர்மானியர் ‘ஏர் ஸொல் டீ ஷ்டட் ஃபெர்லாஸ்ஸென் ஹாபென்’ என்பர். கூறியவர் பெயர் தெரியாத செய்தி என்பதே இதன் பொருள். தமிழ்ச் செய்தி நடையின் ‘கூறப்படுகிறது’ என்பதும் இதற்கு ஈடாகும்.

இதனால் இரு மொழிகளுக்கும் இடையே ஒரு குறுக்குநிலை புலனாகிறது. தமிழ் தன் பேச்சு வழக்கில் வினைவழி அடையாளத்தைப் பேணி, முறைசார் எழுத்தில் அதனைக் கைவிடுகிறது. ஜெர்மன் தன் முறைசார் எழுத்தில் அதனைப் பேணி, அன்றாடப் பேச்சில் பெரிதும் கைவிடுகிறது. பேச்சில் நேர்வடிவமோ பதிலி வடிவமோதான் மிகுதியாக வரும். ஆகவே அமைப்பால் ஒத்த உறுப்பு நடையால் ஒவ்வாததாகவும், நடையால் ஒத்த உறுப்பு அமைப்பால் வேறானதாகவும் உள்ளது. ‘ஸை’ என்பதைக் காணும் இடமெல்லாம் ‘ஆம்’ இடுவது பிழை. அதனை விட்டுவிட்டு நேர்வடிவமாகப் பெயர்ப்பது அதனினும் பெரும் பிழை.

6. திருச்சிராப்பள்ளியும் ஹாலே அறிக்கைகளும்

இப்பிழை தமிழக வரலாற்றாய்வைத் தொடும் இடம் ஒன்று உண்டு. பிராண்டன்பர்க் பகுதியில் 1726இல் பிறந்த கிறிஸ்டியன் ஃப்ரீட்ரிக் ஷ்வார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடி வந்தார். 1762 முதல் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றினார். தெப்பக்குளத்தை அடுத்த கிறிஸ்து ஆலயம் 1766இல் அவர் முயற்சியால் எழுந்தது. 1778இல் தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்த அவர் 1798இல் அங்கேயே மறைந்தார். தரங்கம்பாடி சமயத்தொண்டர்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பப்பட்டு, 1710 முதல் தொடர் வெளியீடாக அச்சேறின. ‘ஹாலே அறிக்கைகள்’ எனப்படும் இவ்வெளியீடு, தொலைநாட்டுச் செய்திகளை ஜெர்மன் வாசகர்க்குக் கொண்டுசென்ற ஒரு செய்தி இதழின் பணியையும் ஆற்றியது. தமிழ் மக்களோடு நிகழ்ந்த உரையாடல்கள் இதில் மிகுதியாக இடம்பெறுகின்றன. தமிழில் நிகழ்ந்த பேச்சு, ஜெர்மன் பிறர்கூற்றாக எழுதப்பட்டு நம்மை அடைகிறது.

அத்தகைய நாட்குறிப்பின் போக்கைக் காட்ட, ஒரு மாதிரிப் பத்தியை அமைத்துக்கொள்ளலாம். இது எவ்வறிக்கையிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. வினைவடிவங்களின் வேறுபாட்டைக் காட்டவே ஆக்கப்பட்டது. திருவரங்கத்தில் முதியவர் ஒருவரோடு உரையாடியதாகத் தொடங்கும் பத்தியில் பின்வரும் வாக்கியங்கள் உள்ளன எனக் கொள்வோம்: (அ) கடவுள் ஒருவரே – வினை ‘ஸை’. (ஆ) உருவங்கள் எளியோர்க்காக ஏற்பட்டவை – வினை ‘ஸையென்’. (இ) முன்னோர் இவ்வாறு கற்பித்துள்ளனர் – வினை ‘ஹெட்டென்’. (ஈ) கோயில் மதில்கள் மிக உயரமானவை – வினை ‘ஸிண்ட்’. (உ) அவை ஒரே அரசரால் கட்டப்பட்டவை – வினை ‘ஸையென்’.

முதல் மூன்றும் முதியவர் கூற்று. மூன்றாவதில் வரும் ‘ஹெட்டென்’ ஐயத்தைக் குறிப்பதன்று. ‘ஹாபென்’ என்பதன் அடையாளம் மறைவதால் வந்த பதிலி. நான்காவது நாட்குறிப்பாளர் தாமே கண்டது. ஐந்தாவதில் மீண்டும் கூற்றுவடிவம் வருகிறது. ஆகவே அது முதியவர் வழங்கிய செவிவழிச் செய்தி. திருவரங்கக் கோயிலின் ஏழு திருச்சுற்றுகள் பல நூற்றாண்டுகளில் பலரால் அமைக்கப்பட்டவை என்பதும், தெற்கு இராஜகோபுரம் 1987இல்தான் நிறைவுற்றது என்பதும் நாம் அறிந்தவை. வினைவடிவத்தைக் கவனியாது ஐந்தாம் வாக்கியத்தைப் பெயர்த்தால், 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் ஒருவர் கோயில் வரலாற்றைத் தவறாக எழுதினார் என்னும் முடிவுக்கு வருவோம். வடிவத்தைக் கவனித்தால், மதில்களைப் பற்றி ஊரில் வழங்கிய கதை ஒன்று நமக்குக் கிடைக்கிறது. முதலாவது அயலார் ஒருவரின் பிழை. இரண்டாவது உள்ளூர் வாய்மொழி மரபின் சான்று. இரண்டுக்கும் இடையே நிற்பது வினையின் ஒரு வடிவமே.

தமிழில் பெயர்க்கும்போது ‘மதில்கள் மிக உயரமானவை, அவை ஒரே அரசரால் கட்டப்பட்டவை என்றார் அவர்’ என எழுதுவதும் குறையுடையதே. ‘என்றார்’ என்பது இரண்டு வாக்கியங்களையும் தழுவிவிடும். நாட்குறிப்பாளர் கண்டதும் முதியவர் கூறியதாகிவிடும். ‘மதில்கள் மிக உயரமானவை. அவை ஒரே அரசரால் கட்டப்பட்டவை என்று அம்முதியவர் கூறினார்’ என இரு வாக்கியங்களாகப் பிரித்து, எழுவாயை வெளிப்படையாக இடுவதே பொருந்தும். கூற்றுப்பகுதி நீளமாயின் ‘அவர் கூறியதாவது’, ‘இவ்வாறு அவர் கூறினார்’ என்னும் இதழியல் எல்லைக்குறிகளை அப்படியே ஆளலாம். இடையில் நேர்வடிவ வாக்கியம் வரும்போது எல்லையை மூடி, மீண்டும் திறக்க வேண்டும்.

ஆங்கிலம் வழிப் படிப்பவர்க்கு இடர் மிகுதி. ஷ்வார்ட்ஸ் வாழ்க்கையையும் கடிதங்களையும் பற்றி ஹியூ பியர்சன் தொகுத்த ஆங்கில நூல் 1834இல் லண்டனில் வெளிவந்தது. தமிழக ஆய்வாளர்கள் எளிதில் அணுகக்கூடியது இத்தகைய ஆங்கில நூல்களே. ஆங்கிலத்தில் கூற்றுக்கெனத் தனி வினைவடிவம் இல்லை. ‘கூறினார்’ என்பது இல்லாமல் தொடரும் வாக்கியம் இறந்தகாலத்தில் நின்றால், அது கூற்றின் தொடர்ச்சியா, நூலாசிரியரின் விவரிப்பா என்பதை வடிவத்தால் அறிய இயலாது. ஆகவே கூற்று யாருடையது என்பதில் முடிவு தங்கியிருக்கும் இடங்களில் ஜெர்மன் மூலத்தை நோக்குவது தவிர்க்க இயலாததாகிறது.

7. வடிவம் துணைசெய்யாத இடங்கள்

மூலத்தை நோக்கினாலும் வடிவம் எல்லா இடத்திலும் விடை தந்துவிடாது. மூன்று எல்லைகளை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஒன்று, 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் உரைநடையில் இன்றைய ஒழுங்கு முழுமையாக நிலைபெறவில்லை. தலைமை வினை இறந்தகாலமாயின் கூற்றினுள்ளும் கொன்யுங்க்டிவ் 2 வடிவத்தை இடும் பழைய வழக்கமும் உடன் வழங்கியது. எனவே இன்றைய இலக்கண நூலைக் கையிற் கொண்டு ‘வேரெ’, ‘ஹெட்டெ’ போன்ற வடிவங்கள் ஐயத்தைக் காட்டுகின்றன என முடிவு செய்தல் கூடாது. மேலும் துணைவாக்கியங்களில் துணைவினையை விட்டுவிடும் வழக்கமும் அக்காலத்தில் மிகுதி. ‘அவர் வந்துள்ளார்’ எனப் பொருள்படும் தொடரில் எச்ச வடிவம் மட்டும் நின்று, ‘இஸ்ட்’ அல்லது ‘ஸை’ தொக்கு நிற்கும். அடையாளம் ஏற வேண்டிய சொல்லே அங்கே இல்லாததால் சூழலைக் கொண்டே பொருள் காண வேண்டும்.

இரண்டு, அச்சு சார்ந்தது. ‘ஹட்டென்’ என்பது நேர்வடிவ இறந்தகாலம்; ‘ஹெட்டென்’ என்பது கொன்யுங்க்டிவ். எழுத்தில் இவற்றை வேறுபடுத்துவது உயிரெழுத்தின் மேல் இடும் குறி மட்டுமே. இன்று அது இரட்டைப் புள்ளி. பழைய அச்சில் உயிரெழுத்தின் மேல் இட்ட மிகச்சிறிய ஓர் எழுத்து. மங்கிய தாளிலோ, கணினி எழுத்துணரி படித்துத் தந்த பாடத்திலோ இக்குறி விடுபட்டால் பிறர் கூற்று ஆசிரியர் கூற்றாகிவிடும். பத்தியின் ஏனைய வினைகள் கூற்றுவடிவில் இருக்க, ஒன்று மட்டும் இறந்தகால நேர்வடிவில் நிற்குமாயின் பக்கத்தின் ஒளிப்படத்தை நேரில் பார்ப்பதே முறை. ஹாலேயில் அறிக்கைகள் அச்சுக்குமுன் பதிப்பாளரால் திருத்தப்பட்டன என்பதையும் கருத வேண்டும். அச்சில் காணும் வடிவம் நாட்குறிப்பாளர் எழுதியதாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

மூன்று, அடையாளமே இன்றிப் பிறர் எண்ணத்தை எடுத்துரைக்கும் நடை ஜெர்மனிலும் உண்டு. புனைகதையில் பாத்திரத்தின் எண்ணத்தை ஆசிரியர் நேர்வடிவிலேயே எழுதிச் செல்வது இயல்பு. இந்நடை பொதுமேடையில் எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு 1988 நவம்பர் 10 அன்று மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றத்தில் அவைத்தலைவர் ஃபிலிப் யென்னிங்கர் ஆற்றிய உரை சான்று. யூதர்களுக்கு எதிராக 1938இல் நடந்த வன்முறையின் ஐம்பதாம் ஆண்டு நினைவு நாளையொட்டிய அவ்வுரையில், அக்கால ஜெர்மானியர் பலர் என்ன எண்ணினர் என்பதை அவர் கூற்று அடையாளமின்றி வினாக்களாக அடுக்கினார். கேட்டோரிற் பலர் அவற்றை அவருடைய கருத்தாகவே உணர்ந்தனர். உறுப்பினர் பலர் வெளியேறினர். மறுநாளே அவர் பதவி விலகினார். கூற்றின் உரிமையைக் குறிக்க வடிவம் இருக்கும் மொழியில், அதனை இடாது விடுவதும் பொருள் தருகிறது. இடம் தவறினால் பேசுபவர்மேல் பழியாக வந்து விழுகிறது.

8. முடிவுரை

ஜெர்மன் செய்தி நடை பிறர் கூற்றை வினைமுற்றில் குறிக்க, தமிழ்ச் செய்தி நடை கூற்றுப்பகுதியின் எல்லைகளில் குறிக்கிறது. வினையில் குறிக்கும் ‘ஆம்’ தமிழில் உண்டெனினும் எழுத்து நடையில் அது நடுநிலையற்றது. அதற்கு நிகர் ஜெர்மனின் ‘ஸொல்’ அமைப்பே. ஆகவே கூற்றுவடிவத்தைத் தமிழாக்குவோர் சொல்லுக்குச் சொல் தேடாது, கூற்று தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் வினைவடிவங்களைக் கொண்டு முதலில் வரையறுத்து, அவ்வெல்லைகளைத் தமிழ்த் தொடர்களால் காட்ட வேண்டும். ஹாலே அறிக்கைகளைச் சான்றாகக் கொள்வோர் ஒவ்வொரு மேற்கோளிலும் வினை ‘ஸிண்ட்’ என உள்ளதா, ‘ஸையென்’ என உள்ளதா என்பதைக் குறிப்பில் பதிவு செய்தல் நன்று. அப்பதிவு இருந்தால், சமயத்தொண்டரின் கருத்தெனக் கொள்ளப்படுவனவற்றுள் திருச்சிராப்பள்ளி, திருவரங்க மக்கள் கூறியவை எவை என்பதைப் பிரித்தறிய இயலும்.